வாஷ்பேசின் அடியில் ஒரு கம்பிப்பின்னல்

வாஷ்பேசினுக்கு அடியில், சுவரில் உள்ள ஆங்கிள் காக்கிலிருந்து மேலே குழாய்க்கு ஏறும் முழநீளத் துண்டைக் கடைக்காரர்கள் கனெக்‌ஷன் பைப் என்பர். வெள்ளிநிறக் கம்பிப்பின்னலைப் பார்ப்பவர்க்கு அது எஃகுக் குழாய் போலவே தோன்றும். உண்மையில் நீரைத் தாங்கிச் செல்வது உள்ளே இருக்கும் ரப்பர்க் குழல். கம்பிப்பின்னல் அக்குழல் வீங்கிவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கும் சட்டை மட்டுமே. இரு முனைகளிலும் நசுக்கி இறுக்கிய உலோக வளையங்கள் குழலையும் பின்னலையும் ஒன்றாகப் பிணைக்கின்றன. குழாயைத் திறந்தால்தான் இதற்கு வேலை என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் குழாய் இதற்கு அப்பால் இருக்கிறது. குழாயை மூடிய பின்னும் மேல்தொட்டி நீரின் அழுத்தம் இரவும் பகலும் இதன்மீது நிற்கிறது.

மைசூரில், மானசகங்கோத்ரிக்கு அருகே ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்த தமிழ் ஆய்வு மாணவர் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது, அவருடைய அறையில் இத்தகைய பைப் ஒன்று நள்ளிரவுக்குப் பின் வெடித்தது. மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா விடியற்காலையில் கவனித்தது நீரையன்று. மோட்டார் நிற்காமல் ஓடுவதைத்தான். கதவைத் திறந்தபோது அறையில் கணுக்கால் அளவு நீர் நின்றது. மைசூரிலுள்ள கல்வெட்டுப் பிரிவில் படிகளைப் பார்த்து இரண்டு ஆண்டுகளாக அவர் எழுதிச் சேர்த்த குறிப்பேடுகள் தரையில் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. மைப்பேனாவால் எழுதியவை கரைந்து நீலக் கறையாகிவிட்டன. பென்சிலால் எழுதிய பக்கங்கள், தாள் உப்பியிருந்தாலும், படிக்கும் நிலையில் தப்பின.

அழுத்தம் கூடியதால் வெடித்தது என்றே முதலில் எல்லோரும் சொன்னார்கள். கணக்குப் போட்டால் அது பொருந்தவில்லை. பத்து மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் அந்த வாஷ்பேசினுக்கு எட்டு மீட்டர் மேலே இருந்தது. ஆகவே பைப்பின்மீது இருந்தது 0.8 பார். இவ்வகைப் பைப்புகள் பொதுவாகப் பத்து பார் வரை தாங்கும் என்று குறித்தே விற்கப்படுகின்றன. தன் வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சுமையில் ஒரு பொருள் உடைந்தது என்றால், சுமை கூடியிருக்கவில்லை, வலிமைதான் குறைந்திருக்கிறது.

எங்கே குறைந்தது என்பதைக் கழற்றிய பைப்பே காட்டியது. கீழ் வளையத்தை ஒட்டி ஒரு விரற்கடை அளவுக்குப் பின்னல் பழுப்பேறி, கம்பிகள் அறுந்து மீசைமயிர் போல் வெளியே நீட்டியிருந்தன. அந்த இடைவெளி வழியே ரப்பர் குமிழாகப் பிதுங்கிக் கிழிந்திருந்தது. வாஷ்பேசின் அலமாரிக்குள், மூடி சரியாக இறுகாத ஆசிட் பாட்டில் ஒன்றும் நின்றது. யார் வாங்கி வைத்தது என்பது யாருக்கும் நினைவில்லை.

ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் தரையோட்டில் படியவிடும் வெள்ளைக் கறையைப் போக்க நம் வீடுகளில் வாங்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் புகை, மூடிய அலமாரியின் ஈரத்தில் கரைந்து, கம்பிமீது கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேற்பரப்பிலுள்ள மிக மெல்லிய குரோமியம் ஆக்சைடுத் தோல். குளோரைடு அத்தோலை ஆங்காங்கே துளைத்துச் சிறு குழிகளைத் தோண்டும். பின்னல் கம்பியோ மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே பருமன் உடையது. எப்போதும் இழுவிசையில் இருப்பது. தடித்த பாத்திரத்தில் வெறும் புள்ளியாக நின்றுவிடும் குழி, இங்கே கம்பியையே அறுக்கும் விரிசலாகிறது. வழிந்திறங்கும் துளி கீழ் வளையத்தின் விளிம்பில் தேங்குவதால் சேதமும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பிளீச்சிங் பவுடரும் இதே வேலையைச் செய்யும், சற்று மெதுவாக. சுருங்கச் சொன்னால், இந்தப் பைப் பெரும்பாலும் உள்ளே ஓடும் நீரால் சாவதில்லை. வெளியே நாம் வைக்கும் பொருளால் சாகிறது.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பழைய பருத்தித் துணி ஒன்றைப் பைப்பின்மீது மேலிருந்து கீழாக மெல்ல இழுத்தால் போதும். அறுந்த கம்பி இருந்தால் நூல் சிக்கும். வெறுங்கையால் தடவ வேண்டாம். அறுந்த முனை ஊசிபோல் குத்தும். ஒரு கம்பி அறுந்திருந்தாலும், ஓரிடத்தில் பின்னல் விரிந்து உள்ரப்பர் தெரிந்தாலும், பைப்பை அன்றே மாற்றிவிட வேண்டும். அது சொட்டவில்லை என்பது சான்றாகாது. இவ்வகைப் பைப் பலநேரம் சொட்டி எச்சரிக்காமலே கிழிகிறது.

கடையில் காந்தம் வைத்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது தவறான வழிகாட்டி. 304 வகை எஃகைக் கம்பியாக இழுக்கும்போது அதற்குச் சிறிது காந்த ஈர்ப்பு வந்துவிடும். ஆகவே நல்ல கம்பியும் சற்று ஒட்டலாம். மறுபுறம், மலிவான பைப்பில் வரும் அலுமினியப் பின்னல் காந்தத்தில் ஒட்டவே ஒட்டாது. சோதனையில் அதுவே தேறிவிடும்!

சூடுநீர் பக்கத்துப் பைப்புக்குத் துன்பம் இருமடங்கு. மைசூர் மாடிகளில் வரிசையாக நிற்கும் சோலார் ஹீட்டர்களில் வெயில் காலத்தில் நீர் அறுபது பாகையைத் தாண்டுவது இயல்பு. அந்தச் சூட்டில் ரப்பர் விரைவாக இறுகுகிறது. எஃகில் குளோரைடின் தாக்குதலும் வேகமெடுக்கிறது. கழற்றி வளைத்துப் பார்க்கும்போது பைப் விறைப்பாக நின்றாலோ, வெந்நீரில் கருந்துகள் வந்தாலோ உள்குழலின் காலம் முடிந்தது எனலாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுவது ஏற்கத்தக்க கணக்கு. வெந்நீர்ப் பக்கத்தையும், பூஸ்டர் பம்பு உள்ள வீடுகளையும் அதற்கு முன்பே கவனிப்பது நல்லது. பொருத்திய மாதத்தையும் ஆண்டையும் ஒரு சிறு அட்டையில் எழுதி ஆங்கிள் காக்கில் கட்டிவிட்டால், வீடு கைமாறினாலும் கணக்கு கைமாறாது.

புதியதைப் பொருத்தும்போது செய்யும் பிழைகளில் பெரியது அளவுக்கு மீறிய இறுக்கம். நட்டுக்குள் உள்ள ரப்பர் வாஷர்தான் நீரை அடைக்கிறது. கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் கால் சுற்று போதும். மேலும் திருகினால் வாஷர் நசுங்கும், நட்டில் விரிசல் விழும். நீளம் போதாத பைப்பை இழுத்துப் பூட்டுவதும், நீளம் மிகுந்ததை மடித்துத் திணிப்பதும் வளையத்தின் ஓரத்திலேயே சுமையை ஏற்றும். பைப் இயல்பாக ஒரு வளைவோடு தொங்க வேண்டும்.

இனி வெள்ளத்தின் அளவைப் பற்றி. அரை அங்குலக் குழாயிலிருந்து நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர், அதாவது ஒரு வாளி, கொட்டுவதாகக் கொண்டால், ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். தானியங்கி மோட்டார் இல்லாத வீட்டில் சேதம் அத்துடன் நின்றிருக்கும். மைசூர் வீட்டிலோ, தொட்டி குறையக் குறைய மோட்டார் கீழ்த்தொட்டியின் நீரை ஏற்றிக்கொண்டே இருந்தது. வசதிக்காக வைத்த கருவிக்கு, நீர் குளியலறைக்குப் போகிறதா, குறிப்பேட்டுக்குப் போகிறதா என்று தெரியாது.

எனவே ஊருக்குப் புறப்படுவோர் மின்விசிறியை அணைப்பதோடு ஆங்கிள் காக்குகளையும் மூடிச்செல்வது தகும். கழிப்பறையின் கைத்தெளிப்பானுக்குச் செல்லும் பைப்பே ஆசிடுக்கு மிக அருகில் இருப்பது. அதன் காக்கை நாள்தோறும் மூடிவைக்கலாம். ஆண்டுக்கணக்கில் திருப்பாத காக் கடின நீரின் உப்பால் இறுகியிருக்கும். அதை வலிந்து திருகினால் சுவருக்குள் இருக்கும் இணைப்பே முறியக்கூடும். அப்படிப்பட்ட வீட்டில், மாடியில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, தொட்டியிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்கும் குழாயின் கேட் வால்வை மூட வேண்டும். திரும்பி வந்ததும் பிளம்பரை அழைத்துப் பைப்பையும் காக்கையும் சேர்த்தே மாற்றிக்கொள்ளலாம்.