நுழைவுச் சீட்டும் இரண்டு நாள் கூலியும்



இராமநாதபுரம் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் நாம் வாடகைக்குக் குடியிருக்கிறோம். எம் உம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பின்னர், உச்சிப்புளிப் பக்கத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி சமையலுக்கு வரலானார். காலை 7 மணிக்குப் பேருந்தில் வந்திறங்கி, சமையலை முடித்து, உம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு 11 மணிக்குத் திரும்புவார்.

ஒரு திங்கட்கிழமை 8 மணியாகியும் அவரைக் காணவில்லை. கீழே இறங்கிச் சென்றபோது வெளிவாசலில் நின்றுகொண்டிருந்தார். அன்று முதல் வீட்டு வேலையாள் எவரும் நுழைவுச் சீட்டின்றி உள்ளே வரக்கூடாதென்று குடியிருப்போர் சங்கம் முடிவெடுத்திருந்தது. காவலாளி தமக்கிட்ட கட்டளையைச் செய்தார். அவரைக் குறைகூற இடமில்லை. அந்தச் சகோதரியோ, “நாலு மாசமா இதே வாசல்லதான வாரேன் ஹஜ்ரத், இன்னைக்கு நான் யாரோவா?” என்றார். நம்மிடம் விடையில்லை.

உடனே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். மறுநாள் அது திரும்பி வந்தது. நாம் வாடகைதாரர், சங்கத்தின் உறுப்பினரோ வீட்டு உரிமையாளர். ஆகவே அவருடைய ஒப்புதல் வேண்டுமென்றனர். அவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். இதை முன்பே அறிந்திருந்தால் வாடகை ஒப்பந்தத்திலேயே, ‘வாடகைதாரர் அமர்த்தும் பணியாளர் வந்துபோக உரிமையாளர் இசைகிறார்’ என ஒரு வரி சேர்த்திருப்போம். உரிமையாளர் தம் சம்மதத்தை எழுதிக் கையொப்பமிட்டு, அதைப் படமெடுத்து அனுப்பிய பின்னரே காரியம் நகர்ந்தது.

இரண்டாம் விண்ணப்பத்தில் பணியாளரின் பெயர், வேலை செய்யும் வீட்டு எண், வந்துபோகும் நேரம், அவசரத்தில் தகவல் சொல்ல அவருடைய குடும்பத்தாரின் கைப்பேசி எண் ஆகியவற்றை எழுதி, ஒரு புகைப்படமும் இணைத்தோம். ஆதார் நகல் கேட்டார்கள். முழு எண்ணையும் கொடுக்கத் தேவையில்லை. கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் இணையதளத்திலேயே பதிவிறக்கலாம். அதையே கொடுத்தோம். அவருடைய தாள்கள் நம் கையில் அமானிதம் அல்லவா?

புதன்கிழமை சீட்டு வந்தது. ஆனால் அந்த இரண்டு நாள் கூலி?

அவர் வேலை செய்யவில்லையே என்று வீட்டில் பேச்சு எழுந்தது. ஃபிக்ஹு நூல்களில் கூலியாள் இரு வகையினர். ஆடை தைப்பவர்போல் ஒரு வேலையை முடித்துத் தருபவர் ஒருவகை. குறித்த நேரத்திற்கு அமர்த்தப்படும் ‘அஜீர் காஸ்’ மற்றொரு வகை. பின்னவர் குறித்த நேரத்தில் வேலைக்கு ஆயத்தமாகத் தம்மை ஒப்படைத்துவிட்டால் கூலிக்கு உரியவராகிறார். அச்சகோதரி இரு நாளும் பேருந்துக் கட்டணம் கொடுத்து 7 மணிக்கு வந்து நின்றார். வழி திறந்துவைக்க வேண்டியவர் நாமே. இரண்டு நாள் கூலியையும் கொடுத்தோம்.

சீட்டு முறையே தவறு என்று நாம் கூறவில்லை. பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று நுழையுமாறு சூரா அந்நூர் கற்பிக்கிறது. அதே சூராவின் 58ஆம் வசனம், வீட்டுப் பணியாளர்களும் மூன்று அந்தரங்க வேளைகளில் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்கிறது. ஏனைய வேளைகளில் அவர்கள் தடையின்றி வந்துபோகலாம் என்பதையும் அவ்வசனமே சொல்லி முடிக்கிறது. அதை நாம் மறந்துவிடுகிறோம்.

வாசல் பதிவேடு பணியாளருக்கும் சாட்சியாகலாம். 2017 ஜூலையில் நொய்டாவின் ஒரு பெரிய குடியிருப்பில் வேலைக்குச் சென்ற பெண் இரவு வீடு திரும்பவில்லை. கணவர் தேடி வந்தார், விடிந்ததும் அக்கம்பக்கத்தார் வாசலில் திரண்டனர், கலவரமாயிற்று. அப்பெண் திருடினார் என்றது வேலை கொடுத்த வீடு. அடைத்துவைக்கப்பட்டேன் என்றார் அப்பெண். அதன் பின்னர் பணியாளர் பலருக்கு அவ்வாசல் அடைபட்டது. ஒருவர் உள்ளே வந்த நேரத்தை எழுதுவோர், அவர் வெளியே சென்ற நேரத்தையும் எழுதினால் இத்தகைய வழக்கில் இரு தரப்புக்கும் அது ஆதாரமாகும்.

எம் குடியிருப்புப் பதிவேட்டில் வரும் நேரத்துக்கு மட்டுமே கட்டம் இருந்தது. செயலாளரிடம் சென்று, வெளியேறும் நேரத்துக்கும் ஒரு கட்டம் கேட்டோம். வாசலருகே நிழலில் ஒரு நாற்காலியும் கேட்டோம். கட்டம் வந்துவிட்டது. நாற்காலிக்கு அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை எம் வீட்டு நாற்காலி ஒன்று அங்கே கிடக்கிறது.