டிஸ்பியூட்டை மூடிவிடாதே

சென்னை,
ஏப்ரல் 2

அன்புள்ள கார்த்திக்,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளை எல்லாம் பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் மெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மற்றதை அப்புறம் படி, முதலில் இதை மனதில் வைத்துக்கொள்: உனக்கு லென்ஸ் விற்ற அந்த ஆள் எத்தனை தடவை கெஞ்சினாலும் நீ டிஸ்பியூட்டை மூடக்கூடாது. பேபாலில் ஒரு தடவை மூடிய டிஸ்பியூட்டைத் திரும்பத் திறக்க முடியாது. மூடிய உடனே, நிறுத்தி வைத்திருக்கும் பணம் அவருக்குப் போய்விடும்.

அவர் உனக்கு எழுதியிருப்பதை நிதானமாகப் படித்தேன். "நீங்கள் புகார் கொடுத்ததால் என் பணம் முடங்கிக் கிடக்கிறது, நீங்கள் மூடினால்தான் என்னால் திருப்பித் தர முடியும்" என்கிறார். நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் அது உண்மை இல்லை. டிஸ்பியூட் திறந்திருக்கும்போது அவரால் அந்தப் பணத்தைத் தன் வங்கிக்கு எடுத்துப் போக முடியாது, அவ்வளவுதான். உனக்குத் திருப்பித் தருவதை அந்தத் தடை தடுக்காது. அதே பக்கத்திலேயே முழுப் பணத்தையும் ரீஃபண்ட் செய்ய அவருக்கு வழி இருக்கிறது. அவர் அதைச் செய்தால் டிஸ்பியூட் தானாகவே முடிந்துவிடும், நீ எதையும் அழுத்த வேண்டியதில்லை. கொடுக்க நினைக்கிறவருக்கு நீ மூடித் தர வேண்டிய அவசியமே கிடையாது. சோழிங்கநல்லூர் ஆபீஸில் கார்டு டிஸ்பியூட் பார்த்த வருஷங்களில் இதே வாக்கியத்தை எத்தனையோ பைல்களில் படித்திருக்கிறேன். நம்பி மூடினவர்களின் பைல்களைப் படிக்கும்போது வயிறு எரியும்.

'ஸெல்லில் அனுப்பிவிடுகிறேன், அப்புறம் மூடுங்கள்' என்று சொன்னாலும் சம்மதிக்காதே. பணம் பேபால் வழியாகப் போனது, பேபால் வழியாகவே திரும்பட்டும். 'பொருள் கிடைத்தது என்று உறுதி செய்தால் என் பணம் சீக்கிரம் விடுபடும், உடனே அனுப்புகிறேன்' என்று கேட்டாலும் அதே பதில்தான். புதிதாக விற்கத் தொடங்கியவர்களின் பணத்தை பேபால் 21 நாள் வரை நிறுத்தி வைப்பது உண்டு. வாங்கியவர் கிடைத்தது என்று உறுதி செய்தால் அதை முன்னதாகவே விட்டுவிடும். அந்த ஒரு பொத்தானை நீ அழுத்தினால், உன் கையாலேயே அவருக்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆகும்.

இப்போது தேதிகளுக்கு வருகிறேன். நீ மார்ச் 3 அன்று 640 டாலர் கட்டினாய். பொருளுக்கான கட்டணமாகக் கட்டியது நல்லதாகப் போயிற்று. நண்பர்களுக்கு அனுப்புகிற முறையில் அனுப்பியிருந்தால் இந்தப் பாதுகாப்பே கிடையாது. பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் டிஸ்பியூட் திறக்கலாம் என்பது விதி, அதாவது ஆகஸ்ட் 30 வரை. நீ மார்ச் 20 அன்றே திறந்துவிட்டாய். இந்த 180 நாளை நினைத்துத்தான் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். திறந்த பிறகு இன்னொரு கணக்கு ஓடத் தொடங்குவது அவர்களுக்குத் தெரிவதில்லை.

டிஸ்பியூட் என்பது வெறும் பேச்சுவார்த்தை. நீயும் அவரும் ஒரே பக்கத்தில் மாறி மாறி எழுதிக்கொள்ளலாம், பேபால் அதில் தலையிடாது. அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் நீ அதை கிளெய்மாக உயர்த்த வேண்டும். அதற்கு, திறந்த நாளிலிருந்து 20 நாள்தான் அவகாசம். உனக்கு அது ஏப்ரல் 9. அதற்குள் உயர்த்தாவிட்டால் டிஸ்பியூட் தானாக மூடிக்கொள்ளும், அதையும் திரும்பத் திறக்க முடியாது. அவர் உன்னிடம் 'இந்த வாரம் அனுப்புகிறேன்', 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை', 'திங்கட்கிழமை கண்டிப்பாக' என்று இழுத்துக்கொண்டே வருவதைப் பார்த்தால், இந்த 20 நாளை அவர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. அவர் அம்மாவுக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். அப்படி இருந்தாலும் கிளெய்மாக உயர்த்துவதால் அவருக்கு எந்த அநியாயமும் நடக்காது. பொருளை அனுப்பியிருந்தால் ஆதாரத்தைக் காட்டட்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தரட்டும். ஏப்ரல் 9 வரை காத்திருக்காதே. இந்த மெயிலைப் படித்த அன்றே செய்.

ரிசொல்யூஷன் சென்டரில் உன் வழக்கைத் திறந்தால் `Escalate` என்று வரும். காரணம் 'பொருள் வரவில்லை' என்று மட்டும் இருக்கட்டும். அவரைத் திட்டி எழுதாதே. அவர் பேசிய விதம், உன் மனவேதனை எதுவும் அங்கே செல்லாது. முடிவெடுக்கிறவர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: பொருள் உன் முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு விற்றவரிடம் ஆதாரம் இருக்கிறதா இல்லையா. அதனால் நாலே வரி எழுது. என்ன பொருள், எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினாய், அவர் எந்த டிராக்கிங் எண்ணைக் கொடுத்தார், அந்த எண் இன்று என்ன காட்டுகிறது. கூடவே அந்த அஞ்சல் பக்கத்தின் படத்தைத் தேதி தெரிகிற மாதிரி எடுத்து இணைத்துவிடு.

நீ அனுப்பிய படத்தில் அந்தப் பக்கம் `Shipping Label Created, USPS Awaiting Item` என்று காட்டுகிறது. அவர் அதைத்தான் 'அனுப்பிவிட்டேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கு அர்த்தம், அவர் காசு கட்டி ஒரு லேபிளை அச்சடித்திருக்கிறார், அஞ்சல் துறையின் கைக்குப் பெட்டி இன்னும் வரவில்லை என்பதுதான். வீட்டில் உட்கார்ந்தபடி யார் வேண்டுமானாலும் லேபிள் அச்சடிக்கலாம். இதே நிலையில் கிளெய்ம் போனால் உன் பக்கம் பலமாக இருக்கும். பேபால் அவரிடம் பதில் கேட்டுப் பொதுவாகப் பத்து நாள் தரும். பதிலே வராவிட்டால் முடிவு உனக்குச் சாதகமாக வரும்.

எனக்குள்ள கவலை, அந்தப் பத்து நாளுக்குள் அவர் வேறொரு டிராக்கிங் எண்ணைக் கொண்டுவந்து போடுவாரோ என்பதுதான். இதைக் கொஞ்சம் கவனமாகப் படி. சில பேர் வெறும் கடித உறையையோ ஒரு சின்னப் பொட்டலத்தையோ நீ இருக்கிற அதே ஜிப் கோடில் வேறு யாரோ ஒருவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது போய்ச் சேர்ந்ததும் டிராக்கிங் பக்கத்தில் `Delivered` என்றும், உன் ஊர்ப் பெயரும், ஜிப் கோடும் வரும். கதவு எண்ணோ தெருப் பெயரோ அந்தப் பக்கத்தில் வராது. அதைப் பார்க்கிறவருக்கு உன் லென்ஸ் உன் வீட்டுக்கு வந்துவிட்டது போலத்தான் இருக்கும். 750 டாலரும் அதற்கு மேலும் உள்ள பொருளுக்கு, வாங்கியவர் கையெழுத்துப் போட்ட ஆதாரத்தையும் விற்றவர் காட்ட வேண்டும். உன்னுடையது 640 என்பதால் அது தேவைப்படாது. விலை அந்த எல்லைக்குக் கீழே இருக்கிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்ள வாய்ப்பு.

அப்படி நடந்தால் எப்படித் தெரியும்? புது எண் வந்ததும் அஞ்சல் பக்கத்தில் எடை காட்டுகிறதா என்று பார். உன் லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். பொட்டலம் சில கிராம் என்று காட்டினால் அதுவே உனக்கு நல்ல ஆதாரம். பெட்டி எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்பதையும், அவர் தன் ஊர் என்று சொன்னதையும் ஒப்பிடு. யூ.எஸ்.பி.எஸ். நடத்தும் இன்ஃபார்ம்டு டெலிவரியில் இன்றைக்கே பதிந்து வை, காசு கிடையாது. உன் முகவரிக்கு வருகிற தபாலும் பெட்டிகளும் அதில் முன்கூட்டியே தெரியும். அவர் சொல்கிற பெட்டி அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அந்தப் படத்தையும் எடுத்து வை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, உன் பக்கத்துப் போஸ்ட் ஆபீஸுக்கு டிராக்கிங் எண்ணோடு நேரில் போவது. டெலிவரி செய்தவர் ஸ்கேன் செய்தபோது எந்த இடத்தில் நின்றார் என்பது அவர்கள் பதிவில் இருக்கும். யாருடைய வீடு என்பதைச் சொல்ல மாட்டார்கள், அடுத்தவர் விவரம் அல்லவா. ஆனால் 'இது என் முகவரிக்கு வந்ததா' என்று மட்டும் பணிவாகக் கேள். வரவில்லை என்றால் அதை எழுத்தில் தர முடியுமா என்று கேள். தரத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஊழியரைப் பொறுத்தது. கிடைத்தால் அந்த ஒரு தாள் உன் கிளெய்மைத் தூக்கி நிறுத்தும். தராவிட்டால், யாரிடம் என்றைக்குக் கேட்டாய், என்ன சொன்னார்கள் என்பதையாவது எழுதி இணை.

ஒருவேளை உன் வீட்டுக்கே ஏதோ ஒரு பொட்டலம் வந்து, உள்ளே லென்ஸுக்குப் பதில் வேறு ஏதாவது இருந்தால், அதைப் 'பொருள் வரவில்லை' என்று வாதாடாதே. அது 'சொன்ன பொருள் இல்லை' என்கிற வேறு வகை. பிரிப்பதற்கு முன்னால் லேபிளையும் அதிலுள்ள எடையையும் படம் எடு, பிரிக்கும்போது வீடியோ எடு, உடனே எனக்கு அனுப்பு.

கார்டு பேங்கிலும் புகார் கொடுத்துவிடலாமே என்று உனக்குத் தோன்றலாம். பேபாலின் பின்னால் நீ கட்டியது விசா கிரெடிட் கார்டில் என்பதால் அந்த வழி இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் எடுக்காதே. நீ பேங்கில் சார்ஜ்பேக் போட்டால் பேபால் தன் கிளெய்மை மூடிவிடும். அப்புறம் பேங்கின் முடிவு ஒன்றுதான் கதி. முதலில் பேபால் சொல்லட்டும். அவர்கள் மறுத்தால், புது ஆதாரம் இருந்தால் அங்கேயே மேல்முறையீடு செய்யலாம், அதற்குப் பிறகு பேங்க். பொருள் வராததற்கு விசா தரும் காலம், வந்து சேர வேண்டிய கடைசி நாளிலிருந்து 120 நாள். அமெரிக்கச் சட்டம் உனக்குத் தரும் உரிமை இதைவிடக் குறுகியது. அந்தச் செலவு முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டு 60 நாளுக்குள், எழுத்தில், பேங்குக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் மார்ச் ஸ்டேட்மென்டின் தேதியைப் பார்த்து, அதிலிருந்து ஐம்பதாவது நாளைக் காலண்டரில் குறித்து வை. அதற்குள் பேபால் முடிவு சொல்லாவிட்டால் எனக்குப் போன் செய், சேர்ந்து முடிவு செய்யலாம்.

இன்னொன்று. 'அவர் ஏற்கனவே பணத்தை எடுத்துவிட்டால் பேபால் எனக்கு எதிலிருந்து தரும்' என்று கேட்டாய். கிளெய்ம் உனக்குச் சாதகமாக முடிந்தால் உனக்குத் தர வேண்டியது பேபால். அவர் கணக்கில் இருப்பு மைனஸில் போனால் அதை வசூலிப்பது அவர்கள் பாடு. பணம் நீ கட்டிய கார்டுக்கே திரும்பும், ஸ்டேட்மென்டில் தெரியக் கொஞ்ச நாள் ஆகும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பணம் திரும்பியதும் நீயே சொல்லு. இன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் கிளெய்மாக உயர்த்திவிடு. எழுதப்போகிற நாலு வரியை அழுத்துவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. இங்கே விடிந்திருக்கும், உடனே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா