வேட்டிக்குப் போட்ட நீலம்

குறும்படங்களுக்கு வண்ணம் சேர்க்கும் வேலைக்கு வந்த பிறகு நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்: “அண்ணே, ஹாலிவுட் படம் மாதிரி வேணும்.” அவர்கள் கேட்பது ஆரஞ்சும் பசுநீலமும். நிழல்களையும் பின்னணியையும் பச்சை கலந்த நீலத்துக்குத் தள்ளுவது, முகங்களை ஆரஞ்சில் நிறுத்துவது. வண்ணச் சக்கரத்தில் இரண்டும் எதிரெதிரே இருப்பதால் மனிதர் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிவார். குறுக்குவழிதான், ஆனாலும் வேலை செய்கிறது.

போன மாதம் வந்த காட்சி ஒரு கருமாதி வீடு. பழைய லயத்து வீட்டு வாசலில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் குத்துவிளக்கு, பின்னால் மாலை நேரத்துச் செம்பனை மரங்கள். ஆரஞ்சு விளக்கிலேயே இருக்கிறது, பசுநீலத்துக்கு மரநிழல் தயாராக இருக்கிறது. ஆனால் நடுவில் வெள்ளை வேட்டி. இயக்குநர் தங்கச்சி ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: “அது என் தாத்தாவோட வேட்டிண்ணே. அழுக்கா தெரியக்கூடாது.”

அழுக்காகத்தான் தெரியும், சும்மா விட்டால். வெள்ளைக்குச் சொந்த நிறம் இல்லாததால் எந்தச் சாயம் போட்டாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். பிரகாசமான பகுதி மஞ்சளாகும், மடிப்புகளின் நிழல் பாசி பிடித்ததுபோல் ஆகும்.

அதனால் சாயத்துக்கு முன்னால் சமன். டாவின்சி ரிசால்வில் முதல் நோடில் வேறெதையும் தொடாமல், பரேட் வரைபடத்தில் வேட்டி இருக்கும் இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே உயரத்துக்கு வரும்வரை சரிசெய்தேன். வெக்டர்ஸ்கோப்பில் வேட்டி நடுப்புள்ளியில் உட்கார வேண்டும். இந்த நோடிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்து லேயர் மிக்சரில் சேர்கின்றன. மேல் கிளையில் சாயம்: நிழலுக்குப் பசுநீலம், நடுத்தர ஒளிக்குக் கொஞ்சம் ஆரஞ்சு. கீழ்க் கிளையில் வேட்டி மட்டும். லேயர் மிக்சரில் கீழே இருப்பதுதான் படத்தில் மேலே தெரியும். புதிதாக வருபவர்கள் இதில் குழம்புவார்கள்.

வேட்டியைப் பிரித்தெடுக்க குவாலிஃபையரில் Hue-வை அணைத்துவிட்டேன், வெள்ளைக்கு அது அர்த்தமில்லாதது. Saturation மிகக் குறைவாகவும் Luminance பாதிக்கு மேலும் இருப்பதை மட்டும் பிடித்தேன். சாயம் ஏறாத படத்திலிருந்து பிடிப்பதால்தான் இது நடக்கிறது. சாயம் ஏறிய பிறகு தேடினால் வெள்ளை அங்கே வெள்ளையாகவே இருக்காது.

பிடித்ததை வேறாக்கிப் பார்த்தால் மடிப்புகளில் ஓட்டைகள். நிழல் என்பதால் வெளிச்ச அளவுக்குக் கீழே போய்விட்டன. வேட்டியின் மேல்பகுதி வெள்ளை, மடிப்பு பசுநீலம் என்றால் பார்ப்பவருக்கு உடனே உறுத்தும். கீழ் எல்லையை இன்னும் இறக்கி, ஓரத்தை மிருதுவாக்கி, கொஞ்சம் மங்கலும் கொடுத்ததும் ஓட்டைகள் மூடின. இதற்குமேல் இறக்கினால் சுவரின் சிமெண்டுப் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். அதனால் வேட்டியைச் சுற்றி ஒரு பவர் விண்டோ.

இப்போது வேட்டி சுத்தமான வெள்ளை. பார்க்கச் சகிக்கவில்லை. வேறு படத்திலிருந்து கத்தரித்து ஒட்டியதுபோல் இருந்தது. மாலை நேரத்து வாசலில் எந்தத் துணியும் அப்படி இருக்காது. அம்மா வேட்டி அலசும்போது கடைசி வாளியில் இரண்டு சொட்டு நீலம் விடுவார். துணியின் மஞ்சளை அந்த நீலம் மறைக்கும், கண் அதை ‘வெளுப்பு’ என்று எடுத்துக்கொள்ளும். லேசான நீலத்தை மன்னிக்கிற கண், பச்சையையும் மஞ்சளையும் மன்னிப்பதில்லை. பசுநீலத்தில் சிக்கலே அதிலுள்ள ‘பசு’தான்.

ஆகவே கீழ்க் கிளையின் Key Output அளவை 1-லிருந்து 0.85-க்குக் குறைத்தேன். மேல்கிளையின் சாயம் பதினைந்து சதவீதம் ஊடுருவும். அதோடு வேட்டியில் பச்சையை ஒரு துளி இறக்கினேன். பரேட்டில் நீலம் மற்ற இரண்டையும்விட ஒரு மயிரிழை மேலே நின்றது. துணி காட்சிக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தது.

விளக்குப் பக்கம் விழுந்த முந்தானையை நான் காப்பாற்றவில்லை. சுடரின் அருகில் வெள்ளை மஞ்சளாகத்தான் இருக்கும். தாத்தாவின் நெற்றித் திருநீறும் அப்படியே. அதைப் பிடிக்கப்போனால் வியர்வையின் பளபளப்பும் சேர்ந்து பிடிபட்டு, முகத்தில் சாம்பல் திட்டு விழுகிறது. முகத்தில் ஆரஞ்சையும் பாதியாகக் குறைத்தேன். வெளிர்த் தோலை மனத்தில் வைத்துச் செய்த முன்னமைப்புகளை அப்படியே போட்டால், நம் கறுப்பு துருப்பிடித்த தகரமாகிவிடுகிறது.

அடுத்த ஷாட் வீட்டுக்குள்ளே, குழல்விளக்கின் கீழ். அதே தாத்தா, அதே வேட்டி. நோடுகளை அப்படியே நகலெடுத்துப் போட்டேன், குவாலிஃபையர் வேட்டியில் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை. குழல்விளக்கின் பச்சை துணியில் ஏறியிருந்தது. முதல் நோடுக்குப் போய்ச் சமனிலிருந்து தொடங்கினேன்.