சப்போர்ட் கேட்காத அடிப்பக்கம்

நான் பார்த்த சிறிய முப்பரிமாண அச்சுக்கூடத்தில், இயந்திரம் நின்ற பிறகுதான் கைவேலை தொடங்குகிறது. மோட்டார் தாங்கி ஒன்றின் அடியில் ஒட்டியிருக்கும் சப்போர்ட்டை ஊழியர் மூக்குக் குறடால் பிய்க்கிறார். பிய்த்த இடம் சொரசொரவென்று நிற்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் தடம் முழுதாகப் போவதில்லை. இந்த வேலையில் பெரும்பகுதி வரைபடத்திலேயே தவிர்க்கக்கூடியது என்பது என் கட்சி.

உருகிய பிளாஸ்டிக் இழை தன் கீழ் அடுக்கின் மேல்தான் உட்கார முடியும். அடுக்கின் உயரம் 0.2 மி.மீ., இழையின் அகலம் 0.45 மி.மீ. என்றால், 45 பாகைச் சரிவில் ஒவ்வொரு அடுக்கும் 0.2 மி.மீ. மட்டுமே வெளியே நகரும். இழையின் பாதிக்கு மேல் கீழே பிடிப்பு இருக்கும். அடுக்கை 0.3 மி.மீ. ஆக்கினால் அதே சரிவில் மூன்றில் ஒரு பங்குதான் தாங்கப்படும். ஆக 45 என்பது மாறாத விதியல்ல, இந்த விகிதம்தான் கணக்கு. வேகமாக அச்சடிக்கத் தடித்த அடுக்கு வைத்துவிட்டுச் சரிவைக் குறை சொல்வதில் பொருளில்லை.

தாங்கியின் அடிவிளிம்பை 4 மி.மீ. ஆரத்தில் உருட்டியிருந்தார்கள். அழகுதான். ஆனால் வளைவு தட்டையாகத் தொடங்குவதால், இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கைத் தாண்டி ஏறத்தாழ 0.6 மி.மீ. நீள்கிறது, வெளி இழை அப்படியே அந்தரத்தில் விழுகிறது. அங்கே 45 பாகைச் சேம்ஃபர் கொடுத்தால் சரிவு கடைசிவரை ஒரே சீராக இருக்கும். பக்கவாட்டில் போகும் 8 மி.மீ. துளையிலும் இதே சிக்கல்தான்: உச்சிப்பகுதி தொங்கும். ரெப்ராப் இயந்திரங்களின் பாகங்களில் அதைக் கண்ணீர்த்துளி வடிவமாக்கினார்கள். வட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1.7 மி.மீ. கூரான இடம் கூடும். தண்டு வட்டப் பகுதியில் வழக்கம்போல உட்காரும்.

பாகத்தைப் புரட்டிப் போட்டாலே போதாதா என்று கேட்கலாம். பல சமயம் போதும். ஆனால் அடுக்குகள் பிரியும் திசையில் சுமை விழுந்தால் தாங்கி அங்கேயே விரிசல் விடும். அப்போது திசையை விட்டுக்கொடுக்க முடியாது. சரிவு கூடுதல் பிளாஸ்டிக் தின்னும் என்பதும் உண்மை. 12 மி.மீ. நீட்டத்துக்கு அடியில் 12 மி.மீ. உயரச் சரிவு வேண்டும். ஆனால் சப்போர்ட் குப்பைக்குப் போகிறது. சரிவோ நீட்டத்தை அடியிலிருந்து முட்டுக்கொடுத்து வலுவாக்குகிறது. நியாயமான எதிர்ப்பு இடம் பற்றியதுதான்: நீட்டத்தின் அடியில் நட்டோ வயரோ வரவேண்டுமென்றால் சரிவுக்கு வழியில்லை. அங்கே பாகத்தை இரண்டாக அச்சடித்துத் திருகால் இணைக்கலாம். அதுவும் ஒத்துவராவிட்டால் குறடு எடுக்க வேண்டியதுதான்.