உப்பை உறிஞ்சும் காகிதம்

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில் பழைய கல் மண்டபம் ஒன்றைச் சுத்தம் செய்கிறார்கள், வந்து பாருங்கள் என்று பொறியாளர் நண்பர் அழைத்தார். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்ததும் கம்ப்ரசரையும் மணலையும் இறக்கிக் கல்லின் தோலை உரித்த கோயில்களைப் பார்த்தவன் நான். அந்த இரைச்சலை எதிர்பார்த்தே போனேன். அங்கே ஒரு பெண்மணி தொட்டியருகே உட்கார்ந்து, சாயமில்லாத உறிஞ்சுதாளைக் கிழித்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவுக்குக் கூலிக்குப் போய்க் கற்ற வேலையாம். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் எழுப்பிய அந்தக் கோயிலில் உப்பை இறக்கக் காகிதக் கூழ்தான் பூசுகிறார்கள்.

“போர் தண்ணி எடுக்கக் கூடாதா அக்கா?” என்றேன்.

“இங்க போர் தண்ணியே உப்பு சார். உப்ப எடுக்க உப்பையே பூசுவாங்களா?” என்றவர், வாலை வடிநீர் கேனைக் காட்டினார்.

கூழை ஒரு விரல் கனத்துக்குப் பத்துப் போடுவதுபோல் தூணில் அப்பி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போகிறார். இடையில் காற்று நின்றால் அந்த இடத்தில் பத்து வேலை செய்யாது. கூழின் ஈரம் கல்லுக்குள் இறங்கி உப்பைக் கரைக்கிறது. பிறகு கூழின் வெளிமுகம் காயக் காய, உள்ளிருக்கும் உப்புநீர் அதை நோக்கி நகர்ந்து காகிதத்தில் தங்கிவிடுகிறது. வெயிலில் சட்டென்று காய்ந்தால் ஓரம் தூக்கிக்கொண்டு, உப்பு கல்லிலேயே நின்றுவிடும். அதற்காகத்தான் சாரத்தில் பச்சை வலை கட்டியிருந்தார்கள். கல் பொடியாக உதிரும் இடங்களில் முதலில் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டி, அதன்மேல்தான் கூழ். இல்லாவிட்டால் பத்தோடு சிற்பத்தின் மூக்கும் வந்துவிடும்.

இந்த உப்பு செய்யும் வேலை விசித்திரமானது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு கரையும், இறங்கினால் படிகமாகும். கடலோரத்தில் இரவு ஈரமும் பகல் வெயிலும் மாறி மாறி வர, கல்லின் நுண்துளைக்குள் படிகம் வளர்ந்து கரைந்து மறுபடி வளர்கிறது. அந்த நெருக்கலில்தான் கருங்கல்லும் மணிமணியாக உதிர்கிறது.

காய்ந்த கூழை உரித்து, அதில் ஒரு பிடியை வடிநீரில் கலக்கி, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டார்கள். குளோரைடு இருந்தால் தண்ணீர் பால்போல் வெளுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெண்மை குறைய வேண்டும்.

இங்கேதான் ஒரு புதிர். கடலைப் பார்த்த வெளித்தூணைவிட, காற்றே படாத உள்தூண் ஒன்றின் கூழ் அதிகம் வெளுத்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அந்தத் தூணில் மஞ்சள் துருக்கோடுகள், மேலும் கீழும் இணைப்புகளில் சுண்ணாம்பு கரைந்து போன வெற்றிடம். முந்தைய திருப்பணியில் விளக்கெண்ணெய்க் கறையைப் போக்கக் கக்கூஸ் ஆசிட்டை ஊற்றியிருக்கிறார்கள். எண்ணெய் அதற்கு அசையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கல்லிலுள்ள கறுப்பு மைக்காவின் இரும்பைக் கிளப்பித் துருவாக்கியது, இணைப்புச் சுண்ணாம்பைத் தின்றது, குளோரைடை உள்ளேயே விட்டுவிட்டுப் போனது. எண்ணெய்க்கு வழி வேறு: களிமண்ணைக் கரைப்பானில் குழைத்துப் பூசி, ஆவியாகாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி, எண்ணெய் கரைந்தபின் தாளை எடுத்துக் காயவிட வேண்டும்.

மேல்தளத்தில் கறுப்புப் பாசியும் லைக்கன் செதிலும். கம்பி பிரஷ்ஷை அக்கா தொடவே இல்லை. லைக்கனின் பூஞ்சை இழைகள் கல்மணிகளுக்கு இடையில் புகுந்திருக்கும். உயிரோடு சுரண்டினால் கல்மணியும் கூடவே வரும். பாசிக்கொல்லி தெளித்துச் சில வாரம் விட்டு, அது செத்துச் சுருங்கியபின் நைலான் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறார்கள். பிளீச்சிங் வெளுக்க வைக்கும், ஆனால் அதுவும் உப்பை விட்டுப் போகும். கூரைக் கசிவை அடைக்காமல் எதைத் தெளித்தாலும் அடுத்த மழைக்குப் பாசி திரும்பிவிடும். வேதிப்பொருள்களின் விகிதங்களை நண்பர் நீளமாக விளக்கினார். பாதி எனக்கு ஏறவில்லை.

ஏறியது கணக்கு. திருப்பணி ஒப்பந்தங்களில் சுத்தம் செய்வதற்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை. ஆசிட்டும் மணலும் ஒரு பகலில் முடிக்கும் பரப்பைக் கூழ் வாரக்கணக்கில் உறிஞ்ச வேண்டும். ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே ஒருவர், அவருக்குக் கீழே ஆள்பிடிப்பவர் என்று ஒவ்வொருவரும் கமிஷனை உருவிக்கொண்டபின் மிஞ்சும் காசில் ஆசிட் கேன் மட்டும்தான் வரும். கல்வெட்டு மழுங்கினால் யார் பில்லிலும் கழிக்க மாட்டார்கள். வெள்ளையாகத் தெரிந்தால் பணம்; உள்ளே எவ்வளவு உப்பு மிச்சம் என்று அளக்க மதிப்பீட்டில் ஒரு வரி கிடையாது. இந்த மண்டபத்துக்கு அந்த வரியை நண்பர் சண்டை போட்டுச் சேர்த்திருக்கிறார். அளவு பார்க்காமல் பில் பாஸாகாது.

உள்தூணில் மூன்றாம் சுற்றுக் கூழும் இன்னும் வெளுக்கிறது. நான்காவது போட வேண்டும். துருக்கோடு போகுமா என்று கேட்டேன்.

“உப்பு வரும் சார். அந்த மஞ்சள் வராது. அதையும் எடுக்கறேன்னு இன்னொரு ஆசிட் ஊத்த விட மாட்டேன்” என்றபடி அடுத்த தொட்டிக்குக் காகிதம் கிழிக்க ஆரம்பித்தார்.