பெருங்காயத்துக்குள் ஒளிந்திருந்த கோதுமை

மதுரையில் இட்லிப் பொடி தயாரிக்கும் என் சித்தி, லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு கடைக்கு முதன்முறையாக 300 பாக்கெட் அனுப்பவிருந்தார். "ரேடியோல பேசுற பொண்ணு நீ. இங்கிலீஷ்ல தப்பு இருந்தா சொல்லும்மா" என்று லேபிளின் மாதிரியைக் கைப்பேசிக்கு அனுப்பினார்.

எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஆனால் பொருள்பட்டியலின் கடைசிச் சொல்லான பெருங்காயத்தில் என் கண் நின்றுவிட்டது. என் மகனுக்குக் கோதுமை ஒவ்வாது. ஒரு வாய் சப்பாத்தி சாப்பிட்டாலே உதடு வீங்கிவிடும்.

"சித்தி, நீங்க வாங்குற பெருங்காய டப்பாவோட பின்பக்கத்தைப் படிங்களேன்."

"பெருங்காயத்துல என்னடி இருக்கப் போகுது?" என்றவர், கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தார். "பிசின்... மைதா மாவு..." பேச்சு அங்கேயே நின்றது.

அசல் பெருங்காயம் பிசுபிசுப்பான, காரமான பால். அதனால் மாவும் பிசினும் கலந்தே கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா. சிலர் அரிசி மாவு சேர்ப்பார்கள். சிங்கப்பூரில் பாக்கெட் உணவின் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய எட்டு வகை ஒவ்வாமைப் பொருள்களில், கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியங்களும் ஒன்று. எனவே பெருங்காயத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கோதுமை மாவு என்று சேர்த்தோம்.

அடுத்து, அச்சகத்தார் தாமாகப் போட்டிருந்த எச்சரிக்கை: 'வேர்க்கடலை இருக்கலாம்.' சித்தி அதே மிக்சியில் வேர்க்கடலைப் பொடியும் அரைப்பதால் அது சரிதான். கோதுமையையும் அதே வரியில் சேர்க்கப் பார்த்தார். நான் விடவில்லை. தவறிக் கலக்கக்கூடியதற்குத்தான் 'இருக்கலாம்'. நாமே போட்டதற்கு 'உள்ளது' என்று தனி வரி வேண்டும்.

பட்டியலில் வெறும் 'கிராம்' என்றும் ஒரு பொருள் இருந்தது. சித்தி சொல்ல வந்தது கடலைப்பருப்பு. ஆனால் நம் ஊரில் கடலை என்றால் வேர்க்கடலையும்தான். குழப்பம் வராமல் இருக்க, 'பெங்கால் கிராம்' என்று முழுப்பெயராக மாற்றினோம்.

கடைசியாக சோடியம். 100 கிராம் பொடிக்கு 2.1 கிராம் என்றும், ஒருவேளைக்குரிய 10 கிராமுக்கு 210 மில்லிகிராம் என்றும் போட்டிருந்தது. கணக்கு சரி, அலகுதான் வேறு. அவசரத்தில் பார்ப்பவருக்கு 2.1 குறைவாகவும் 210 அதிகமாகவும் தெரியும். இரண்டையும் மில்லிகிராமுக்கு மாற்றினோம்: 2,100, 210.

பாக்கெட்டுகள் வந்து சேர்ந்தன. கோதுமை உள்ளது என்ற வரி தடித்த எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது. பெட்டியின் அடியில் துணியில் கட்டிய சிறு பொட்டலம் ஒன்றும் இருந்தது. சித்தியை அழைத்தேன்.

"அது பேரனுக்கு. பெருங்காயம் போடலை. மிக்சியையும் தொடலை, உரலைக் கழுவி இடிச்சேன்" என்றார்.