பூர்வபக்ஷம்

சார்வாகர்களின் சொந்த நூல்களில் நமக்குக் கிடைத்திருப்பது மிகச் சொற்பம். அவர்கள் சொன்னதாக நாம் அறிவதில் பெரும்பகுதி அவர்களை மறுத்தவர்கள் எழுதிவைத்தது. 14ஆம் நூற்றாண்டில் மாதவர், தான் அத்வைதியாயிருந்தும், தன் ஸர்வதர்சன ஸங்கிரஹத்தின் முதல் அத்தியாயத்தை அவர்களுக்கே ஒதுக்கினார். நம்மிடம் சிவஞான சித்தியாரின் பரபக்கமும் உலகாயதன் மதத்தைச் சொல்லிவிட்டுத்தான் அதன் மறுதலைக்குப் போகிறது. எதிராளியின் வாதத்தை அவனே ஒப்புக்கொள்ளும்படி முதலில் எழுது, பிறகு மறு என்பது இந்த நாட்டில் பழைய ஒழுங்கு. நான் இதைக் கற்றுக்கொண்டது ஏடுகளிலிருந்து அல்ல, பழைய வினாத்தாள்களிலிருந்து.

குடிமைப் பணித் தேர்வுக்குத் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்து நானும் ஒரு நண்பரும் சேர்ந்து படித்தோம். அவர் சைவர். என் சாய்வு சார்வாகர் பக்கம். வயது வரம்பின்படி அவருக்கு அது கடைசி வாய்ப்பு. ஒரு தாளுக்கு மூன்று மணி நேரம், 250 மதிப்பெண். கணக்குப் போட்டால் 20 மதிப்பெண் கேள்விக்குப் பதினான்கு நிமிஷத்துக்குச் சற்று மேல். அதற்குள் ஒரு வாதத்தையும் அதன் மேல் ஒரு நல்ல ஆட்சேபத்தையும் அதற்கான பதிலையும் எழுதலாம். அதற்கு மேல் எழுதுபவர் பெயர்களைத்தான் அடுக்குகிறார்.

அனுமானத்தைச் சார்வாகர் மறுத்தது பழைய தாள்களில் வேஷம் மாறி மாறி வருகிற விஷயம். ஒன்று விளக்கச் சொல்லும், ஒன்று மதிப்பிடச் சொல்லும், ஒன்று அந்த மறுப்பு தன்னையே மறுத்துக்கொள்கிறதா என்று கேட்கும். நாங்கள் விடையை எழுதிப் பார்க்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்குள் முற்கூற்றுகளை மட்டும், அதாவது முடிவைத் தாங்கி நிற்கும் கூற்றுகளை மட்டும், எண்ணிட்டு எழுதித் தாளை மாற்றிக்கொள்வோம். எதிரில் இருப்பவர் "ஆம், இதுதான் என் வாதம்" என்று சொன்ன பிறகே ஆட்சேபம். பல நாள் அடித்துத் திருத்திய பின் நின்ற வடிவம் இது:

1. புகையிலிருந்து நெருப்பை அனுமானிக்க, புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்ற வியாப்தியை அறிந்திருக்க வேண்டும்.
2. அதை அறியக் காட்சி, அனுமானம், பிறர் சொல் இவற்றை விட்டால் வழியில்லை.
3. காட்சி எதிரிலுள்ளதைத்தான் தரும். நேற்றைய புகையும் நாளைய புகையும் அதில் அகப்படா.
4. அனுமானத்தால் அறியலாமென்றால் அந்த அனுமானத்துக்கு இன்னொரு வியாப்தி வேண்டும், அதற்கு இன்னொன்று. முடிவே இல்லை.
5. பிறர் சொல்லை நம்பலாம் என்பதே ஓர் அனுமானம்.

ஆகவே வியாப்தி அறியப்படுவதில்லை. ஆகவே அனுமானம் பிரமாணம் அல்ல.

இந்தப் பட்டியலில் வழக்கமாக நுழைந்துவிடுகிற ஒரு வரி இங்கே இல்லை. "காட்சி ஒன்றே பிரமாணம்" என்று முதல் வரியிலேயே எழுதுகிறவர்கள் அநேகம். அது வந்துசேர வேண்டிய இடம். அதையே புறப்படும் இடமாக வைத்தால் வாதம் நகர்வதில்லை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு வரியையும் விரலால் மறைத்துப் பார்க்க வேண்டும். மறைத்தபின்னும் முடிவு வருமானால் அந்த வரி வெறும் அலங்காரம். ஒரே ஒரு வரி தனியாகவே முடிவைத் தருமானால் அது முடிவின் மறுபெயர். மேலே உள்ள ஐந்தில் எதை மறைத்தாலும் வாதம் சரிகிறது. ஐந்தையும் ஒப்புக்கொண்டால் முடிவிலிருந்து தப்ப முடியாது. எனவே மறுப்பவர் எந்த எண்ணை மறுக்கிறார் என்று சொல்லியாக வேண்டும்.

இந்த நிபந்தனையை வைத்ததும் பிரசித்தமான ஆட்சேபம் விசித்திரமாகத் தெரிந்தது. வாசஸ்பதி மிச்ரர் கேட்பது இது: எதிரிலிருப்பவன் ஐயத்திலிருக்கிறான், அறியாமையிலிருக்கிறான் என்று சார்வாகனுக்கு எப்படித் தெரிந்தது? பிறர் மனம் காட்சிக்கு வராது. அனுமானித்துத்தானே வாதாட வருகிறான்? நண்பர் இதை உற்சாகமாக எழுதித் தந்தார். எந்த எண் என்று கேட்டேன். வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த எண்ணும் இல்லை. அடி விழுவது பேசுகிறவன் மேல். ஐந்து வரிகளும் அப்படியே நிற்கின்றன. தவிர, "இவை நான் நம்புபவை அல்ல, நீங்கள் நம்புபவை. அவற்றிலிருந்தே உங்கள் வீடு இடிகிறது" என்று அவன் சொல்லலாம். ஜயராசியின் தத்துவோபப்லவஸிம்ஹம் முழுவதும் இந்த முறைதான். பாடணில் 1926இல் சுவடியாகக் கிடைத்து 1940இல் அச்சேறிய நூல் அது. எல்லாப் பிரமாணங்களையும் எதிராளிகளின் இலக்கணங்களைக் கொண்டே உடைக்கிறது.

நையாயிகர்கள் எண்ணைச் சொல்லியே மறுக்கிறார்கள். அவர்கள் குறி மூன்றாவது வரி. ஒரு புகையைக் காணும்போது அதிலுள்ள புகைத்தன்மையையும் காண்கிறோம், அதன் வழியாக எல்லாப் புகையும் ஒருவகையில் காட்சிக்கு வருகிறது என்பது அவர்கள் கட்சி. நல்ல குறி, ஆனால் விலை அதிகம். அப்படியானால் ஒரு பொருளைக் கண்டவன் அந்த இனம் முழுவதையும் அறிந்த ஸர்வக்ஞன் ஆகிவிடானா என்று பழையவர்களே கேட்டிருக்கிறார்கள்.

உதயனாசாரியார் தொடுவது, என் வாசிப்பில், முதல் வரியில் ஒளிந்திருக்கும் ஒரு சொல்லை. "அறிந்திருக்க வேண்டும்" என்றால் எவ்வளவு? எல்லா ஐயமும் ஒழியும்வரையா? நியாய குஸுமாஞ்சலியில் அவர் சொல்வதன் சாரம்: ஐயத்துக்கு ஓர் எல்லை உண்டு, ஒருவன் ஐயம் அவன் செய்கையோடு முரண்படும் இடத்தில் அது நின்றுவிட வேண்டும். புகை வேண்டுமென்று நெருப்பை மூட்டுகிறவன், நெருப்பால் புகை உண்டாகுமா என்று ஐயுறுவதாகச் சொன்னால் கை ஒன்றும் வாய் ஒன்றுமாக இருக்கிறான். 12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் இதைத் திருப்பிப் போட்டார்: முரண் என்றால் அங்கே ஐயம் இருந்தே தீரும், ஐயத்தை வைத்துத்தானே முரண்? அது எப்படி ஐயத்துக்கு எல்லையாகும்?

நான் சார்வாகன் ஜெயிக்க வேண்டுமென்று விரும்பியவன். இருந்தாலும் முதல் வரியில் இரண்டு அளவுகள் ஒட்டிக்கிடப்பதை உதயனருக்குப் பின் காணாமலிருக்க முடியவில்லை. முழு நிச்சயம் என்று பொருள் கொண்டால் முடிவும் சுருங்குகிறது: அனுமானம் முழு நிச்சயம் தராது, அவ்வளவுதான். அடுப்பு மூட்டப் போதுமான அறிவு என்று பொருள் கொண்டால் மூன்றாவது வரி தளர்கிறது, ஏனெனில் அவ்வளவு அறிவைத் திரும்பத் திரும்பக் காண்பதே தருகிறது. சார்வாகர்களிலேயே புரந்தரர் என்பவர் உலக வழக்கிலுள்ள அனுமானத்தை ஒப்புக்கொண்டு, காட்சிக்கு எட்டாத பரலோகத்துக்கு அதை நீட்டுவதை மட்டும் மறுத்ததாகச் சொல்கிறார்கள். இந்தச் சிறிய முடிவு என்னிடம் இன்னும் இருக்கிறது. பெரிய முடிவை அந்த அறையிலேயே விட்டுவிட்டேன்.

நண்பருக்கு வேறொன்று நடந்தது. சார்வாகனின் ஐந்து வரிகளை என்னைவிடச் சுத்தமாக எழுதுகிறவராகிவிட்டார். நான்காவது வரிக்கு மட்டும் தன்னிடம் பதில் இல்லை என்று ஒருநாள் சொன்னார். திருநீறு பூசுவதை அவர் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய அவசியம் அந்த வரியிலிருந்து வருவதாக எனக்கும் படவில்லை. எதை ஒப்புக்கொண்டோம், எதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கு எங்களிடம் எண்கள் இருந்தன. அதனால் சண்டை வரவில்லை.